நேர்முகப் பரீட்சைக்கு வந்தவருக்கு "வேலை இல்லை" என்று எழுதுவது எப்படி?

மலையகத்தில் சின்ன ஹோட்டல், தேயிலை விற்பனை நிலையம், தனியார் பாடசாலை, நிதி நிறுவனக் கிளை என்று ஏதோ ஓரிடத்தில் புதிதாக ஆள் எடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிவான ஒருவருக்குக் கடிதம் எழுதுவது சுலபம். மற்றவர்களுக்குத்தான் என்ன எழுதுவது என்று தெரியாமல் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அந்தப் பிள்ளை இரண்டு மாதம் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கிடைக்கிற வேறு வேலையையும் "அங்கிருந்து பதில் வரட்டும்" என்று தள்ளிப்போடும்.

ஐந்து பேரை நேரில் பார்த்து, ஒருவரை எடுத்து, இரண்டாவதாக நின்றவருக்கு எழுத வேண்டிய மெயிலைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். எழுதக் கஷ்டமானது அதுதான். கொஞ்சமும் பொருந்தாதவருக்கு எழுத இதில் பாதி போதும்.

நுவரெலியாவில் இருபது அறைகள் உள்ள ஒரு ஹோட்டலை உதாரணத்துக்கு எடுப்போம். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் வரவேற்பாளர் ஒருவர் தேவை. மூன்று மொழியிலும் பேச வேண்டும், கணினியில் அறைப் பதிவு செய்யத் தெரிந்தால் நல்லது, இரவு ஷிப்டும் உண்டு என்று விளம்பரம் போட்டார்கள். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. உயர்தரம் முடித்து, ஹோட்டல் துறையில் சின்னப் பயிற்சியும் எடுத்திருக்கிறது. தமிழும் சிங்களமும் நன்றாக வரும். முறைப்பாட்டோடு வரும் விருந்தினரை அழகாகச் சமாளித்தது. ஆனால் பதிவு மென்பொருளைத் தொட்டதில்லை. ஆங்கிலத் தொலைபேசிப் பயிற்சியில் திகதிகளைத் தவறாகக் குறித்துக்கொண்டது. வேலை இன்னொருவருக்குப் போனது, அவர் வேறொரு ஹோட்டலில் இரண்டு வருடம் வரவேற்பில் இருந்தவர்.

எழுதுவதற்கு முன்

முதலில் காரணத்தை உங்களுக்காக ஒரு தாளில் எழுதுங்கள். மெயிலுக்காக அல்ல, குழுவில் இருந்த எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் நினைக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. அந்தக் காரணம் விளம்பரத்தில் கேட்ட தகுதியோடும் நேர்முகப் பரீட்சையில் கண்ணால் பார்த்ததோடும் ஒட்டியிருக்க வேண்டும். "பதிவு மென்பொருளில் அனுபவம் இல்லை" என்பது அப்படிப்பட்டது. "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்பது அப்படியில்லை, அது உங்கள் அபிப்பிராயம். "கல்யாணம் ஆனால் நின்றுவிடும்", "தோட்டத்துப் பிள்ளைகள் லீவு கூடப் போடுவார்கள்" என்று யாராவது சொன்னால் மெயிலை ஒதுக்கி வையுங்கள். அப்போது பிழை தெரிவிலேயே இருக்கிறது. மெயிலை எவ்வளவு இனிமையாக எழுதினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

காரணத்தில் நான் இவ்வளவு நிற்பதற்கு நம்முடைய இடமும் ஒரு காரணம். லயத்து விலாசத்தை விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, அந்த விலாசத்தாலேயே வேலை போய்விடுமோ என்று பயப்படும் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய சிபாரிசுக் கடிதம் முந்திவிட்டது என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். அந்த நினைப்பு எப்போதும் பொய்யும் இல்லை. "பல்வேறு காரணங்களால்" என்று நீங்கள் மூடி எழுதினால், வாசிப்பவர் அந்த இடத்தில் விலாசத்தையும் சிபாரிசையும் போட்டு நிரப்பிக்கொள்வார். வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அதற்கு இடம் குறையும்.

அடுத்தது நேரம். கொஞ்சமும் பொருந்தாதவர்களுக்கு முடிவு எடுத்த மறுநாளே எழுதிவிடலாம். இரண்டாவதாக நின்றவருக்கு மட்டும், தெரிவானவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் வரை பொறுக்க வேண்டியிருக்கும். அதை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இழுபடுகிறது என்றால் "முடிவு மார்ச் 4 ஆம் திகதிக்குள் அறிவிப்போம்" என்று ஒரு வரியாவது போக வேண்டும். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு ஆகியவற்றுக்கு முதல் நாள் அனுப்ப வேண்டாம். வேலை நாளில் காலையில் அனுப்பினால், கேள்வி இருந்தால் அன்றைக்கே உங்களைப் பிடித்துப் பேசலாம்.

எல்லோரும் எழுதுகிற மெயில்

பெரும்பாலும் போவது இந்த மாதிரிதான்:

"எமது நிறுவனத்தின் மீது தாங்கள் காட்டிய ஆர்வத்திற்கு மனமார்ந்த நன்றிகள். தங்களது திறமைகள் எம்மைப் பெரிதும் கவர்ந்தன. எனினும் பல்வேறு விடயங்களைக் கருத்திற்கொண்டு இம்முறை தங்களைத் தெரிவு செய்ய இயலாத நிலை ஏற்பட்டுள்ளது என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம். எதிர்காலத்தில் பொருத்தமான வெற்றிடங்கள் ஏற்படுமிடத்துத் தங்களைத் தொடர்புகொள்வோம்."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போனில் மெயில் வந்ததும் திரையில் முதலில் தெரிவது நன்றியும், போனால் "கவர்ந்தன" வரைக்கும்தான். பிள்ளை வேலை கிடைத்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் திறந்து பார்க்கும். அடுத்து, திறமை கவர்ந்தது என்றால் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. கடைசி வரிதான் மோசம். அந்த ஹோட்டல் யாரையும் தொடர்புகொள்ளப் போவதில்லை என்பது எழுதியவருக்குத் தெரியும், வாசிப்பவருக்குத் தெரியாது.

"இயலாத நிலை ஏற்பட்டுள்ளது" என்று எழுதும்போது யாரும் முடிவெடுக்காதது போலவும் மழையில் மண்சரிந்து பாதை மூடிக்கொண்டது போலவும் ஆகிவிடுகிறது. முடிவு எடுத்தது நீங்கள். "தெரிவு செய்திருக்கிறோம்" என்று எழுதுங்கள்.

வரி வரியாக

தலைப்பு வரியில் எந்தப் பணி, என்ன விஷயம் என்பது மட்டும் போதும்: "வரவேற்பாளர் பணி: நேர்முகப் பரீட்சையின் முடிவு". "நிராகரிப்பு" என்று அங்கேயே போட வேண்டாம், போன் திரை பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். "நற்செய்தி" போலத் தொனிக்கும் எதுவும் வேண்டாம்.

பெயரை விண்ணப்பத்தில் அவர் எழுதியபடியே, முதலெழுத்தோடு எழுதுங்கள். செல்வியா திருமதியா என்று தெரியாவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு, பெயருக்குப் பின்னால் "அவர்களுக்கு" என்று போட்டால் மரியாதை குறையாது. மொழியைப் பொறுத்தவரை, அவர் எந்த மொழியில் விண்ணப்பித்தாரோ அந்த மொழி. தமிழில் விண்ணப்பித்தவருக்கு ஆங்கிலத்தில் மறுப்பு அனுப்பினால், ஆங்கிலம் போதாததால்தான் வேலை போனது என்று சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மெயிலில் ஒட்டாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள்.

முதல் வாக்கியத்தில் நன்றி, இரண்டாவதில் முடிவு. நன்றி பொதுவாக இருக்க வேண்டாம். மஸ்கெலியாவிலிருந்து நுவரெலியாவுக்கு வருவதென்றால் ஹட்டனில் பஸ் மாறி, காலையிலேயே கிளம்பி, ஒரு நாளைச் செலவழிக்க வேண்டும். அதை நீங்கள் கவனித்தீர்கள் என்று ஒரு சொல்லில் தெரிந்தால் போதும்.

அதற்கடுத்து காரணம், ஒன்றே ஒன்று. இரண்டு மூன்று அடுக்கினால் குற்றப்பத்திரிகை போல ஆகிவிடும். பிறகு நல்லதாக ஒன்று சொல்ல இருந்தால், நடந்த ஒரு சம்பவமாகச் சொல்லுங்கள். "சிறந்த ஆளுமை" என்பதை யாருக்கும் எழுதலாம் என்று வாசிப்பவருக்கும் தெரியும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

அந்த மஸ்கெலியாப் பிள்ளைக்கு நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

தலைப்பு: வரவேற்பாளர் பணி: நேர்முகப் பரீட்சையின் முடிவு

(முதலெழுத்துடன் பெயர்) அவர்களுக்கு,

பெப்ரவரி 24 ஆம் திகதி நடந்த நேர்முகப் பரீட்சைக்கு மஸ்கெலியாவிலிருந்து நேரத்துக்கு வந்து கலந்துகொண்டதற்கு நன்றி. இந்தப் பணிக்கு இன்னொரு விண்ணப்பதாரியைத் தெரிவு செய்திருக்கிறோம். ஆகவே இந்த வேலையை உங்களுக்குத் தர முடியவில்லை.

இரவு ஷிப்டில் தனியாக நின்று அறைப் பதிவுகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், ஹோட்டல் பதிவு மென்பொருளில் வேலை செய்த அனுபவத்துக்கு முதலிடம் கொடுத்தோம். தெரிவானவருக்கு அந்த அனுபவம் இருக்கிறது.

முறைப்பாட்டோடு வரும் விருந்தினராக நாங்கள் பேசியபோது, நீங்கள் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டுவிட்டுப் பதில் சொன்னீர்கள். குழுவில் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டோம்.

நீங்கள் தந்த பொலிஸ் அறிக்கையின் அசல் எங்களிடம் இருக்கிறது. அதை மார்ச் 6 ஆம் திகதி பதிவுத் தபாலில் உங்கள் விலாசத்துக்கு அனுப்புகிறோம். அடையாள அட்டை, சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை மார்ச் மாத முடிவில் அழித்துவிடுவோம்.

நேர்முகப் பரீட்சை பற்றி மேலும் கேட்க விரும்பினால், மார்ச் 13 ஆம் திகதி வரை வேலை நாட்களில் பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் கீழேயுள்ள எண்ணுக்கு அழையுங்கள். அழைக்க வசதியில்லை என்றால் இதற்குப் பதில் எழுதுங்கள், நான் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், பதவி, தொலைபேசி எண்)

திகதிகளைத் தவறாகக் குறித்ததை இதில் நான் எழுதவில்லை. பிள்ளைக்கு உதவக்கூடிய தகவல் அதுதான், ஆனாலும் மெயிலில் வேண்டாம். ஏனென்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

"எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால்" என்ற வரியும் இல்லை. உண்மையிலேயே இன்னொரு இடம் வரப்போகிறது என்றால் எழுதலாம், ஆனால் என்ன பணி, எந்த மாதம், பழைய விண்ணப்பம் போதுமா திரும்ப விண்ணப்பிக்க வேண்டுமா என்று மூன்றையும் எழுத வேண்டும். அப்படி எழுத முடியாவிட்டால் அது வெறும் பேச்சு.

பிரதிகளை அழிப்பது பற்றி ஒரு வார்த்தை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய தகவலைத் தேவைப்படும் காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், அசல் சான்றிதழ் உங்கள் மேசை லாச்சியில் கிடந்தால் அந்தப் பிள்ளையால் அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கிராம சேவகர் சான்றிதழோ பொலிஸ் அறிக்கையோ திரும்ப எடுப்பதென்றால் காசும் அலைச்சலும்.

மெயில் யார் கையில் போய்ச் சேரும்?

கொழும்பில் இருந்து எழுதுபவர்களுக்கு இது தோன்றாது. தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் விண்ணப்பிப்பதற்காகவே டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் மெயில் முகவரி திறந்தவர்கள். பாஸ்வேர்ட் கடைக்காரரிடம் அல்லது அண்ணனிடம் இருக்கும். விண்ணப்பத்தில் உள்ள போன் எண் அப்பாவுடையதாக இருக்கலாம். ஆகவே மெயிலை முதலில் திறப்பது வேறு ஆளாக இருக்கலாம் என்று நினைத்தே எழுதுங்கள். ஒரு கடையில் வைத்து மற்றவர் சத்தமாக வாசித்தாலும் அந்தப் பிள்ளை தலைகுனிய வேண்டியிராத ஒரு காரணம் மட்டும் மெயிலில் இருக்கட்டும். "ஆங்கிலத்தில் தடுமாறினீர்கள்" என்பதை அந்தப் பிள்ளையோடு மட்டும் போனில் பேசலாம்.

இதன் மறுபக்கம், மெயிலை அந்தப் பிள்ளை நாள்கணக்கில் பார்க்காமலும் இருக்கலாம். அதனால் மெயில் போனதும் ஒரு குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ அனுப்புவது நல்லது. "மெயில் அனுப்பியிருக்கிறோம், பார்க்கவும்" என்று மட்டும் அனுப்பாதீர்கள். அதைப் படித்துவிட்டு, வேலை கிடைத்தது என்று நினைத்து பஸ் ஏறி டவுனுக்கு வந்து மெயிலைத் திறந்தால் எப்படி இருக்கும்? "வரவேற்பாளர் பணிக்கு வேறொருவர் தெரிவாகியுள்ளார். விபரம் உங்கள் மின்னஞ்சலில் உள்ளது. நன்றி" என்று பெயரோடு அனுப்புங்கள். இரண்டும் ஒரே காலையில் போகட்டும்.

உங்கள் ஹோட்டலிலேயே வேலை செய்யும் மாமாவிடமோ, சிபாரிசுக் கடிதம் கொடுத்த தலைவரிடமோ முடிவை முதலில் சொல்லக் கூடாது. மரியாதைக்காகச் சொல்ல வேண்டி வந்தாலும், விண்ணப்பித்தவருக்கு மெயில் போன பிறகு "அவருக்கு அறிவித்துவிட்டோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

தெரிவாகாத நாலு பேருக்கும் ஒரே மெயிலை எல்லோர் முகவரியையும் போட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கும் விபத்து. யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாகவும் இருப்பார்கள். நாலு மெயில்தான், தனித்தனியாக அனுப்பலாம். பழைய மெயிலைப் பிரதியெடுத்து எழுதினால் அனுப்புவதற்கு முன் பெயர், ஊர், பணி மூன்றையும் வாய்விட்டு வாசியுங்கள்.

பதில் வந்தால்

பாதிப் பேர் "நன்றி" என்று எழுதுவார்கள், அதற்குத் திரும்ப எழுதத் தேவையில்லை. "ஏன்?" என்று கேட்பவருக்கு மெயிலில் சொன்ன அதே காரணத்தையே சொல்லுங்கள். போனில் புதுக் காரணம் ஒன்றைச் சேர்த்தால் முதலில் சொன்னது பொய் என்றாகிவிடும்.

மஸ்கெலியாப் பிள்ளை அழைத்தாலும் காரணம் அதேதான். அதன் பிறகு, மறுத்ததற்குக் காரணமாக அல்லாமல் அடுத்த முறைக்கு உதவியாக, பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "ஆங்கிலத்தில் பேசியவர் மார்ச் 12 முதல் 14 வரை என்றார், நீங்கள் 12, 13, 14 மூன்று இரவு என்று குறித்தீர்கள். இரண்டு இரவுதான். போனை வைக்க முன் திகதியையும் இரவுகளின் எண்ணிக்கையையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்." இதைக் கேட்டால் அடுத்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். "ஆங்கிலத்தை இன்னும் வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் ஒன்றும் தெரியாது.

"ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் வேலை செய்து காட்டுகிறேன்" என்று கெஞ்சுபவர்களும் உண்டு. இரக்கப்பட்டு "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் காத்திருப்பார்கள். "இடம் நிரம்பிவிட்டது தம்பி, அதில் மாற்றம் இல்லை" என்று சொல்லி நிறுத்துங்கள். அப்பா அழைத்தால் பணிவாகப் பேசுங்கள், ஆனால் விபரத்தைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லுங்கள்: "ஐயா, முடிவை மகளுக்கு எழுதியிருக்கிறோம். மேலே ஏதும் கேட்பதென்றால் அவரையே பேசச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்."

கடைசியாக, தெரிவானவர் சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது வராமல் போவதும் நடக்கும். அப்போது இரண்டாவதாக நின்றவரைத் திரும்பக் கூப்பிடத் தயங்க வேண்டாம், மறுப்பு மெயிலில் பொய் இல்லையென்றால் கூப்பிடுவது சுலபம். மெயிலில் அல்ல, போனில் கூப்பிட்டு, "தெரிவானவர் வரவில்லை, உங்களுக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா? மென்பொருளை முதல் வாரத்தில் நாங்கள் பழக்குவோம், அதுவரை இரவு ஷிப்ட் தர மாட்டோம்" என்று நேராகச் சொல்லுங்கள். யோசிக்க ஒரு நாள் கொடுங்கள். சம்மதித்தால் அன்றைக்கே நியமனக் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டு, பொலிஸ் அறிக்கையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம்.